வீட்டுக்குள் விழும் அடிக்கு அரசு எப்போது பொறுப்பாகிறது?

மனித உரிமை மீறல் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது லாக்கப் மரணம், துப்பாக்கிச் சூடு, விசாரணையின்றிச் சிறைவைத்தல் போன்றவைதான். இவை அனைத்திலும் கை ஓங்குவது அரசின் ஆள். சீருடையோ அதிகாரமோ அந்தக் கையின் பின்னால் இருக்கிறது. ஒரு கணவன் தன் வீட்டுக்குள் மனைவியை அடிக்கும்போது அப்படி எதுவும் இல்லை. அது குற்றம் என்பதில் ஐயமில்லை, ஆனால் அதை மனித உரிமை மீறல் என்று சொல்ல முடியுமா? மனித உரிமை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவை அரசுகள். அந்தக் கணவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லையே என்ற கேள்வி சட்டம் படித்தவர்களிடமிருந்தே நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது.

இந்தக் கேள்விக்குப் பன்னாட்டுச் சட்டம் கண்ட விடைதான் 'உரிய கவனக் கடமை'. நிறுவனங்களை வாங்குவோரும் நிலப் பத்திரம் பார்ப்போரும் 'டியூ டிலிஜன்ஸ்' என்று சொல்லும் அதே சொல்தான் இது. ஆனால் இங்கே அதன் பொருள் வேறு. தனியார் ஒருவர் இன்னொருவரின் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு செய்யப்போகிறார் என்பது அரசுக்குத் தெரிந்திருந்து, தடுக்கும் அதிகாரமும் அதன் கையில் இருந்து, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நடவடிக்கையை அது எடுக்காமல் விட்டால், அந்தத் தவறுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது. அடித்த செயலுக்கு அடித்தவனே பொறுப்பு. தெரிந்தும் சும்மா இருந்ததற்கு அரசு பொறுப்பு. இரண்டும் தனித்தனிக் கணக்குகள், ஒன்று மற்றொன்றைக் கழிக்காது.

பெண்கள் மீதான வன்முறைக்காக மட்டும் பிறந்த கருத்தல்ல இது. 1981இல் ஹோண்டுராஸ் நாட்டில் மான்ஃப்ரெடோ வெலாஸ்கெஸ் என்ற மாணவர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார். அந்த வழக்கில் 1988ஆம் ஆண்டு ஜூலை மாதம் தீர்ப்பளித்த அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம், செய்தவர் யாரென்று அடையாளம் காண முடியாத நிலையிலும்கூட, குற்றத்தைத் தடுப்பதிலோ அதற்குப் பின் விசாரிப்பதிலோ அரசு உரிய கவனம் செலுத்தவில்லை என்றால் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று கூறியது. கடத்தல்களையும் அரசியல் கொலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த வரியை, சில ஆண்டுகளிலேயே பெண்ணுரிமைச் சட்டத்தார் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தனர். 1979இல் ஏற்கப்பட்ட பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் (சீடா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது) பெண்கள் மீதான பொதுவான வன்முறையைத் தடைசெய்யும் விதி என்று தனியாக ஒன்றும் இல்லை. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1992இல் தன் 19ஆவது பொதுப் பரிந்துரையில், பெண் என்பதற்காகவே ஒருவர் மீது நிகழும் வன்முறையும் பாகுபாட்டின் ஒரு வடிவமே என்றும், தனியார் செய்கையைத் தடுக்கவோ விசாரித்துத் தண்டிக்கவோ உரிய கவனம் செலுத்தத் தவறும் அரசு அதற்குப் பொறுப்பாகலாம் என்றும் விளக்கமளித்து அந்த இடைவெளியை அடைத்தது. அடுத்த ஆண்டு ஐ.நா. பொதுச்சபையின் பிரகடனமும் இதையே சொன்னது.

கொள்கை அளவில் இவ்வளவுதான். நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு வழக்கின் கோப்பைப் புரட்டினால்தான் தெரியும். அதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி தீர்ப்பளித்த 'ஓபுஸ் எதிர் துருக்கி' வழக்கைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்கு நடந்த இடம் துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பக்கிர் நகரம். மனுதாரரான ஓபுஸ் என்ற பெண்ணும் அவருடைய தாயும் 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல்முறையாக அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுக்கிறார்கள். கணவனும் அவனுடைய தகப்பனும் பணம் கேட்டு அடித்தார்கள், கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள் என்பது புகார். மருத்துவர் காயங்களைப் பதிவுசெய்கிறார், வழக்கும் தொடங்குகிறது. பிறகு பெண்கள் இருவரும் புகாரைத் திரும்பப் பெறுகிறார்கள், வழக்கு முடித்துவைக்கப்படுகிறது. சரியாக ஓராண்டு கழித்து, 1996 ஏப்ரலில், மனுதாரர் மீண்டும் கடுமையாகத் தாக்கப்படுகிறார்; இம்முறை காயங்கள் உயிருக்கு ஆபத்தானவை என்று மருத்துவ அறிக்கை சொல்கிறது. கணவன் காவலில் வைக்கப்பட்டு ஒரு மாதத்தில் விடுவிக்கப்படுகிறான். அவன் வெளியே வந்ததும் புகார் திரும்பப் பெறப்படுகிறது, வழக்கு மறுபடியும் கைவிடப்படுகிறது.

1998 பிப்ரவரியில் கத்தியுடன் நடந்த கைகலப்பில் மனுதாரரும் தாயும் சகோதரியும் காயமடைந்தபோது, போதிய சாட்சியம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் வழக்கே தொடரவில்லை. அடுத்த மாதம் அவன் காரை இரு பெண்கள் மீதும் ஏற்றினான்; தாயின் காயங்கள் உயிருக்கு ஆபத்தானவை. அவர்களே காரின் முன்னால் வந்து விழுந்தார்கள் என்பது அவன் சொன்ன விளக்கம். அதற்குக் கிடைத்தது மூன்று மாதச் சிறை, அதுவும் பின்னர் அபராதமாக மாற்றப்பட்டது. 2001 அக்டோபர் 29 அன்று, தாயைப் பார்த்துவரச் சென்ற மனைவியை அவன் ஏழுமுறை கத்தியால் குத்தினான். விசாரித்துவிட்டு அவனை வெளியே விட்டார்கள். இந்தக் கத்திக்குத்துக்கு நீதிமன்றம் விதித்த தண்டனை ஏறத்தாழ 385 யூரோ அபராதம். எட்டுத் தவணைகளில் கட்டிக்கொள்ளலாம் என்ற சலுகையும் சேர்ந்தது. ஏழு குத்துக்கு எட்டுத் தவணை என்று தீர்ப்பின் ஓரத்தில் குறித்துவைக்கத் தோன்றுகிறது.

கோப்பில் அடுத்து இருப்பவை தாயின் மனுக்கள். 2001 நவம்பரில் அவர் அரசு வழக்கறிஞரிடம் செல்கிறார்: மருமகன் கத்தியும் துப்பாக்கியுமாக வீட்டைச் சுற்றி வருகிறான், எனக்கோ என் மகளுக்கோ ஏதாவது நேர்ந்தால் அவன்தான் காரணம் என்கிறார். 2002 பிப்ரவரி 27 அன்று மறுபடியும் எழுதுகிறார்: மிரட்டல் அதிகமாகிவிட்டது, என் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுப் பாருங்கள், நடவடிக்கை எடுங்கள். பன்னிரண்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று, வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மகளுடன் இஸ்மிர் நகருக்குக் குடிபெயர்வதற்காக அந்தத் தாய் புறப்பட்டார். பின்தொடர்ந்து வந்த மருமகன் லாரியை வழிமறித்து, அவர் அமர்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து சுட்டான். அங்கேயே உயிர் போயிற்று. கொலை வழக்கு முடிய 2008 மார்ச் வரை ஆனது. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அவனை இறந்தவர் ஆத்திரமூட்டினார் என்பதற்காகவும் விசாரணையின்போது ஒழுங்காக நடந்துகொண்டான் என்பதற்காகவும் அது 15 ஆண்டுகள் 10 மாதங்களாகக் குறைந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்க, ஏற்கெனவே சிறையிலிருந்த காலத்தைக் கருதி அவன் விடுவிக்கப்பட்டான். சில வாரங்களில் மகள் மீண்டும் மிரட்டல் புகாருடன் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நின்றார்.

இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றம் என்ன கேட்டது என்பதே பாடத்தின் நடுப்பகுதி. அரசு கெட்ட எண்ணம் கொண்டிருந்ததா என்று அது கேட்கவில்லை. 1998இல் பிரித்தானியாவுக்கு எதிரான 'ஓஸ்மன்' வழக்கில் தானே வகுத்திருந்த ஒரு சோதனையை எடுத்துக்கொண்டது. குறிப்பிட்ட ஒருவரின் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டியதா? ஆம் என்றால், அந்த ஆபத்தைத் தவிர்க்கக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க, தம் அதிகாரத்துக்கு உட்பட்ட நடவடிக்கைகளை அவர்கள் எடுத்தார்களா? 'தெரிந்திருக்க வேண்டியது' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கோப்பைப் படிக்காமல் இருந்துவிட்டு எனக்குத் தெரியாது என்று சொல்ல அவை இடம் கொடுப்பதில்லை. அதே வேளையில், நிறைவேற்ற முடியாத சுமையை அரசின் தலையில் ஏற்றக்கூடாது என்பதும் இதே சோதனையின் பகுதிதான். எந்த அரசாலும் எல்லாக் கொலைகளையும் தடுக்க முடியாது. ஓஸ்மன் வழக்கிலேயே பிரித்தானியக் காவல்துறை உயிர்வாழும் உரிமையை மீறியதாக நீதிமன்றம் முடிவு செய்யவில்லை.

துருக்கி அரசின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. ஆபத்து உடனடியானது என்பதற்குச் சான்று இல்லை என்பது ஒன்று. பெண்களே புகாரைத் திரும்பத் திரும்ப வாபஸ் வாங்கிவிட்டார்கள், அதற்கு மேலும் தலையிட்டிருந்தால் அவர்களுடைய குடும்ப வாழ்வுக்கான உரிமையில் தலையிட்டதாக ஆகியிருக்கும் என்பது மற்றது. முதல் வாதம் ஏழாண்டுக் கோப்பின் முன் நிற்கவில்லை. கத்தி, கார், துப்பாக்கி என்று ஏறிக்கொண்டே போன வன்முறையின் அடுத்த படி என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்கச் சிறப்பு அறிவு எதுவும் தேவையில்லை. இரண்டாவது வாதத்துக்குத்தான் நீதிமன்றம் அதிக இடம் கொடுத்தது, கொடுக்கவும் வேண்டியிருந்தது. ஏனென்றால் புகார் வாபஸ் என்பது உலகெங்கும் குடும்ப வன்முறை வழக்குகள் வந்து முட்டி நிற்கும் இடம். நம் ஊரில் மகளிர் காவல் நிலையப் படியேறியவர்களைக் கேட்டால் தெரியும்: மனு வாங்கி, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, 'இனி அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்பிவைப்பது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று. தியார்பக்கிரிலும் காவலர்கள் பெண்களை வீட்டுக்குத் திரும்பச் சொல்லி, புகாரைக் கைவிடச் சொல்லி மத்தியஸ்தம் செய்தார்கள் என்ற அறிக்கைகள் நீதிமன்றத்தின் முன் இருந்தன.

நீதிமன்றம் காலவரிசையைப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அவன் வெளியே வந்த பிறகோ வெளியே இருந்தபோதோதான் புகார் வாபஸ் ஆகியிருக்கிறது. கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதால்தான் வாபஸ் வாங்கினோம் என்று பெண்கள் பின்னர் அதிகாரிகளிடமே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வாபஸ் மனுவைப் பெற்றதும் கோப்பை மூடுவது போதாது. ஏன் வாபஸ் வாங்குகிறார்கள் என்று விசாரிப்பது அரசின் வேலை. இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம் என்று நான் கருதுகிறேன். உயிருக்கு ஆபத்தான காயத்தை அடுத்து வரும் வாபஸ் மனுவே ஆபத்து கூடியிருப்பதன் அறிகுறி. சண்டை தீர்ந்தது என்பதற்கு அது சாட்சியம் ஆகாது.

அப்படியானால் பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக வழக்கை நடத்தியே தீர வேண்டுமா? இங்கே தீர்ப்பு நிதானமாகப் பேசுகிறது. ஐரோப்பிய நாடுகளின் நடைமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, எடைபோட வேண்டிய விஷயங்களைச் சொல்கிறது: குற்றத்தின் கடுமை, ஆயுதம் பயன்பட்டதா, தாக்குதல் திட்டமிட்டதா, புகாருக்குப் பின் மிரட்டல் தொடர்ந்ததா, வீட்டிலுள்ள குழந்தைகள் மீது அதன் விளைவு என்ன, மீண்டும் தாக்கும் வாய்ப்பு எவ்வளவு, உறவின் வரலாறு என்ன. குற்றம் கடுமையாகவும் மீண்டும் நிகழும் ஆபத்து பெரிதாகவும் இருக்கும் அளவுக்கு, வாபஸுக்குப் பிறகும் வழக்கைத் தொடர்வதுதான் பொதுநலன் என்பது அதன் முடிவு. ஆனால் துருக்கியின் அன்றைய குற்றவியல் சட்டத்தில் இதற்கு வழியே இல்லை. காயத்தால் பத்து நாள் வேலைக்குப் போக முடியாத நிலை ஏற்பட்டால் ஒழிய, புகார்தாரர் விலகினால் வழக்கும் விலகிவிடும். ஏழு நாள், ஐந்து நாள் என்று மருத்துவர் எழுதிய எண்கள் இப்படித்தான் ஒரு உயிரின் கணக்கைத் தீர்மானித்தன. எனவே தவறு ஒரு காவலருடையது மட்டும் அல்ல, சட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. குடும்பத்தைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் ஒன்று 1998 ஜனவரியிலேயே துருக்கியில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்கீழ் கணவனை நெருங்கவிடாமல் தடுக்கும் உத்தரவைப் பெற்றிருக்கலாம். அதிகாரிகள் அதைக் கையில் எடுக்கவே இல்லை. சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டுமே கடமையை நிறைவேற்றிவிடாது.

தாயின் உயிரைக் காக்கத் தவறியதற்காக ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 2ஆவது பிரிவும், மகளை மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து காக்கத் தவறியதற்காக 3ஆவது பிரிவும் மீறப்பட்டதாகத் தீர்ப்பாயிற்று. அதோடு நின்றிருந்தால் இது இன்னொரு அலட்சிய வழக்காகவே எஞ்சியிருக்கும். பாகுபாட்டைத் தடைசெய்யும் 14ஆவது பிரிவும் மீறப்பட்டது என்று நீதிமன்றம் சேர்த்ததுதான் புதிது. குடும்ப வன்முறை வழக்கில் அது அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. காரணம் எளிதானது. வீட்டுக்குள் நடப்பதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கும் காவல் துறையும், ஆத்திரமூட்டல் என்று தண்டனையைக் குறைக்கும் நீதிமன்றமும் சேர்ந்து உருவாக்கும் அசட்டையால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் பெண்களே. பெண்களைப் பாகுபடுத்த வேண்டும் என்று யாரும் வேண்டுமென்றே நினைத்திருக்க வேண்டியதில்லை, அசட்டையின் விளைவு அப்படி இருந்தாலே போதும். பெண்கள் மீதான வன்முறை ஏன் வெறும் குற்றமாக மட்டும் இல்லாமல் மனித உரிமை மீறலாகிறது என்ற தொடக்கக் கேள்விக்கு விடை இங்கேதான் முழுமை பெறுகிறது: சட்டத்தின் சமமான பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மனுதாரருக்கு 30,000 யூரோ இழப்பீடு வழங்கத் துருக்கிக்கு உத்தரவிடப்பட்டது.

இப்படி ஒரு வாசல் எல்லா நாட்டுப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை. சீடா குழுவிடம் தனிநபர் நேரடியாக முறையிட, அவருடைய நாடு அதன் விருப்ப நெறிமுறையில் சேர்ந்திருக்க வேண்டும். இலங்கை 2002இல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. ஆனால் 1997இல் விசாகா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பணியிடப் பாலியல் தொல்லைக்குத் தனிச் சட்டம் இல்லாத அன்றைய நிலையில், சீடாவைத் துணைக்கொண்டே நெறிமுறைகளை வகுத்தது. பன்னாட்டுக் கடமை உள்நாட்டு நீதிமன்றத்தின் வழியாகவும் வந்துசேரலாம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

கடமையின் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓபுஸ் வழக்கு உதவாது, அதில் தவறு அவ்வளவு வெளிப்படையானது. அதற்கு 2021 ஜூன் 15 அன்று அதே நீதிமன்றத்தின் உயர் அமர்வான பேராயம் தீர்ப்பளித்த 'குர்ட் எதிர் ஆஸ்திரியா' வழக்கைப் பார்க்க வேண்டும். இங்கே காவல்துறை சும்மா இருக்கவில்லை. 2012 மே 22 அன்று மனைவி புகார் கொடுத்த அன்றே, கணவன் வீட்டுக்கும் மனைவியின் பெற்றோர் வீட்டுக்கும் வரக்கூடாது என்று தடையுத்தரவு போட்டார்கள், வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், அவனை விசாரித்தார்கள். மூன்று நாள் கழித்து அவன் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்குப் போனான். பையனிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டான். தடையுத்தரவு பற்றி ஆசிரியருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பள்ளியின் அடித்தளத்தில் மகளின் கண்ணெதிரே மகனைச் சுட்டான். பின்னர் தன்னையும் சுட்டுக்கொண்டான். பையன் பிழைக்கவில்லை.

'உடனடியான ஆபத்து' என்பதைக் குடும்ப வன்முறை வழக்குகளில் மணிக்கணக்கில் அளக்கக்கூடாது, சுழன்று சுழன்று வந்து ஒவ்வொரு சுற்றிலும் கடுமையாகும் வன்முறையின் தன்மையை அறிந்து அளக்க வேண்டும் என்று பேராயம் இந்த வழக்கில் தெளிவுபடுத்தியது. பெண் சொல்வதை மட்டும் நம்பியிராமல் அதிகாரிகள் தாமாகவே, முன்கூட்டியே, குழந்தைகளையும் சேர்த்து ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. ஆனாலும், அன்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தவற்றை வைத்துப் பார்த்தால் பள்ளியில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் கண்டிருக்க முடியாது என்று பத்து நீதிபதிகள் கருதியதால் உரிமை மீறல் இல்லை என்று முடிவாயிற்று. ஏழு நீதிபதிகள் உடன்படவில்லை. கடமை என்பது முயற்சியைப் பற்றியது, விளைவைப் பற்றியது அல்ல என்ற கோட்பாட்டின் கசப்பான பக்கம் இது. பத்துப் பேர் சொன்னது சட்டப்படி சரியாக இருக்கலாம். தாயைத் தடையுத்தரவால் காப்பாற்றிய அதிகாரிகள், அவளைத் தண்டிக்க நினைப்பவன் அடுத்து எங்கே போவான் என்று யோசித்திருக்க வேண்டும் என்ற எழுவரின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆஸ்திரியச் சட்டத்தில் அன்று வீட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே காவல்துறையின் தடையுத்தரவால் காக்க முடிந்தது. பேராயத்தின் தீர்ப்புக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 2013 செப்டம்பரில், பள்ளிகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் அந்தத் தடை நீளும்படி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது.